‘விடுபட்ட தரவு கையாளப்பட்டது’ என்ற ஒரே வரியால் போன பதினொரு வாரம்

மருந்து ஆய்வு ஒன்றின் இறுதி அறிக்கையில், விடுபட்ட தரவைப் பற்றி நாங்கள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “விடுபட்ட மதிப்புகள் மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் முறையில் நிரப்பப்பட்டன.” இல்லாத மதிப்புகளைப் பல தரம் ஊகித்து நிரப்பும் முறை அது. அந்த வரிக்குக் கீழே ஒரு அட்டவணை, அவ்வளவே. பரிசீலித்தவர்கள் 14 கேள்விகளோடு அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் 9 கேள்வி இந்த ஒரு வரியைப் பற்றியது. சரிசெய்து மறுபடி அனுப்ப பதினொரு வாரம் ஆனது. வெளியிலிருந்து ஒரு புள்ளியியலாளரை அமர்த்தியதில் 85,000 ரூபாய் போனது. மனம் சோர்ந்ததுகூடப் பெரிதில்லை. அந்த 9 கேள்வியில் ஒன்றுகூட அநியாயமான கேள்வி இல்லை என்பதுதான் உறுத்தியது. இதே வேலையில் இருப்பவர்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணக்கு மட்டும் சரியாக வரும்படி வைத்திருக்கிறேன்.

ஆய்வு சர்க்கரை நோய்க்கானது. வடசென்னையில் மூன்று கிளினிக்குகள்: காசிமேட்டுப் பக்கம் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, வியாசர்பாடியில் ஒன்று. 212 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 106 பேருக்குப் புது மருந்தும் 106 பேருக்கு ஒப்பீட்டு மருந்தும் கொடுத்தார்கள். 24ஆவது வாரத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த அளவு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் முதன்மைக் கேள்வி. நடுவில் 12ஆவது, 18ஆவது வாரங்களிலும் ரத்தம் எடுத்தார்கள். 24ஆவது வாரத்தில் 41 பேருக்கு மதிப்பு இல்லை; புது மருந்துப் பிரிவில் 17, ஒப்பீட்டுப் பிரிவில் 24. ஐந்தில் ஒருவர் கணக்கில் இல்லாத ஆய்வில், அந்த ஐந்தில் ஒருவரை எப்படிக் கணக்கில் சேர்த்தோம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகப் பார்த்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

முதல் கேள்வியே அடிமடியில் கை வைத்தது. “உரையில் இரு பிரிவுகளுக்கும் வித்தியாசம் மைனஸ் 0.53 என்று இருக்கிறது, அட்டவணையில் மைனஸ் 0.48 என்று இருக்கிறது. எது சரி?” இரண்டும் ஒரே நிரலிலிருந்து வந்தவைதான். வரைவு எழுதும்போது ஒருமுறை ஓட்டியது, அட்டவணையை இறுதி செய்யும்போது இன்னொருமுறை ஓட்டியது. இம்ப்யூட்டேஷனில் ஒவ்வொரு விடுபட்ட இடத்துக்கும் கணினி ஒரு பரவலிலிருந்து சீட்டு எடுப்பதுபோல ஒரு மதிப்பை எடுக்கிறது. சீட்டைத் தொடங்கும் எண்ணை, அதாவது seed என்பதை, நிலையாகக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு சீட்டு வரும். அதோடு நிரப்பப்பட்ட தரவுத்தொகுப்புகளின் எண்ணிக்கையை, R மொழியில் இந்த வேலைக்கு நாங்கள் பயன்படுத்திய mice பொதியின் இயல்புநிலையான 5இலேயே விட்டிருந்தோம். seed இல்லாததும் 5 என்பதும் சேர்ந்துதான் இந்த 0.05 வித்தியாசத்தைக் கொண்டுவந்தன.

இந்த 5 ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள, முறை என்ன செய்கிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவருடைய 24ஆவது வார மதிப்பு இல்லை என்றால், அவருடைய முந்தைய மதிப்புகள், வயது, பிரிவு எல்லாவற்றையும் வைத்து “இவருக்கு இந்த அளவில் இருந்திருக்கலாம்” என்று ஒரு பரவல் கிடைக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு எண்ணை எடுத்து நிரப்பினால், ஊகித்த எண்ணை அளந்த எண்போல நடத்திவிடுகிறோம். பிழைவீச்சு பொய்யாகக் குறுகிவிடும். அதனால் பல தரம் நிரப்புகிறோம். ஒவ்வொரு நிரப்பலிலும் தனியாகப் பகுப்பாய்வு செய்து, பிறகு ரூபினின் விதிப்படி ஒன்று சேர்க்கிறோம். டொனால்ட் ரூபின் இதை 1987இல் நூலாகவே எழுதி வைத்துவிட்டார். சேர்க்கும் சூத்திரம் இது:

```
T = W + (1 + 1/m) × B
```

T என்பது சேர்த்த விடையின் மொத்த மாறுபாடு. W என்பது ஒவ்வொரு தொகுப்புக்குள்ளும் வரும் மாறுபாட்டின் சராசரி. B என்பது தொகுப்புக்குத் தொகுப்பு விடை எவ்வளவு ஆடுகிறது என்பது. m என்பது தொகுப்புகளின் எண்ணிக்கை. எங்கள் ஆய்வில் கடைசியாக வந்த கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: W 0.0225, B 0.0040. m 50 என்றால் T 0.0266, அதன் வர்க்கமூலம் 0.163, அதுதான் திட்டப்பிழை. இப்போது சீட்டு எடுப்பதால் மட்டும் விடை எவ்வளவு ஆடும் என்று பாருங்கள். B-ஐ m-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். m 5 ஆக இருந்தால் 0.028, 50 ஆக இருந்தால் 0.009. 5 வைத்து இரண்டு முறை ஓட்டினால் இரண்டு விடைகளுக்கும் நடுவில் 0.04, 0.05 வித்தியாசம் வருவது வெகு சாதாரணம். 50 வைத்தால் அந்த ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். எத்தனை வைப்பது என்பதற்குப் புழக்கத்தில் இருக்கும் கைக்கணக்கு, ஏதாவது ஒரு மதிப்பாவது இல்லாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ அத்தனை தொகுப்பாவது வேண்டும் என்பது. எங்களுக்கு நடு வாரங்களையும் சேர்த்தால் 27 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தது. 50 போட்டோம். இன்றைய கணினியில் இது சில நிமிட வேலை, கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடமே இல்லை.

இரண்டாவது கேள்வியில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. “பகுப்பாய்வில் 50 பேருக்கு மதிப்பு நிரப்பப்பட்டிருக்கிறது, வருகைப் பட்டியலில் 41 பேர்தான் வரவில்லை. மீதி 9 பேர் யார்?” தேடிப் பார்த்தால், அந்த 9 பேரும் 24ஆவது வாரத்தில் ஒழுங்காக வந்து ரத்தம் கொடுத்தவர்கள். நடுவில் சர்க்கரை கட்டுக்குள் வராததால் அவர்களுக்குக் கூடுதல் மருந்து கொடுத்திருந்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் 7 பேர், புது மருந்துப் பிரிவில் 2 பேர். நிரல் எழுதியவர் பழைய ஆய்வு ஒன்றின் வழக்கப்படி, கூடுதல் மருந்து தொடங்கிய தேதிக்குப் பிறகு வந்த மதிப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, அந்த இடத்தில் நிரப்பியிருந்தார். அளந்து கையில் இருக்கும் எண்ணை அழித்துவிட்டு ஊகித்த எண்ணை வைத்தது போலாயிற்று.

இது எப்போதுமே தவறு என்று சொல்ல வரவில்லை. ஆய்வு என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தது அது. மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச வழிகாட்டிகளில் ஒன்றாக 2019இல் வந்த ஐ.சி.எச். இ9 ஆர்1 இணைப்பு இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. கூடுதல் மருந்து வாங்கியது, மருந்தை நிறுத்தியது போன்றவை ஆய்வின் நடுவில் நடந்த நிகழ்வுகள். அவற்றை எப்படி எடுத்துக்கொள்வது என்பது ஆய்வின் கேள்வியிலேயே முடிவாக வேண்டும். அளக்க வேண்டிய மதிப்பு அளக்கப்படாமல் போவதுதான் விடுபட்ட தரவு. “கூடுதல் மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்” என்பது கேள்வியானால், அதற்குப் பிந்தைய எண்களை ஒதுக்கி வைக்கலாம். எங்கள் ஆய்வு நெறிமுறையோ “நடுவில் எது நடந்தாலும், ஒதுக்கப்பட்ட பிரிவின்படி 24ஆவது வார விளைவு என்ன” என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அப்படியானால் அந்த 9 எண்களும் தங்கம். அவற்றை அழித்ததால் ஒப்பீட்டுப் பிரிவின் சர்க்கரை உண்மையைவிட மோசமாகத் தெரிந்தது, எங்கள் மருந்து உண்மையைவிட நன்றாகத் தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை; ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இம்ப்யூட்டேஷனைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: நிரப்பப்படும் ஒவ்வொருவரின் எண்ணையும் வருகைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் நிரலை ஓட்டாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, ஏன் வரவில்லை என்பது. எங்கள் அட்டவணையில் 41 பேரில் 29 பேருக்கு “தொடர்பு விட்டுப்போனது” என்று ஒரே காரணம். 7 பேர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றவர்கள், 5 பேர் பக்கவிளைவால் நிறுத்தியவர்கள். அந்த 5 பேரும் புது மருந்துப் பிரிவு, வயிற்றுக் கோளாறு. “29 பேர் என்பது காரணமே இல்லை” என்று பரிசீலகர் எழுதியிருந்தார். கிளினிக்குகளின் வருகைக் குறிப்புகளையும் தொலைபேசிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு காசிமேட்டு ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. “அண்ணே, இவங்க எங்கேயும் ஓடிப் போகல. தங்குகடலுக்குப் போயிருப்பாங்க. தேதி பாத்தீங்களா? எல்லாம் தடை முடிஞ்சதுக்கு அப்புறம்” என்றார் அவர்.

அவர் சொன்னது சரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகுத் தொழிலாளிகள் ஊரில் இருப்பார்கள். கிளினிக்குக்கு வருகை நன்றாகவே இருந்தது. தடை முடிந்து படகு இறங்கியதும் பல நாள் கடலிலேயே தங்குகிறார்கள். 24ஆவது வார வருகைக்கு நாங்கள் கொடுத்திருந்த கெடு முன்பின் ஐந்து நாள். கரைக்கு வருவதற்குள் கெடு போய்விடும். குறிப்புகளைப் படித்து முடித்தபோது 29 பேர் இப்படிப் பிரிந்தார்கள்: 14 பேர் கடலுக்குப் போனவர்கள், 8 பேர் வீடு மாறி நகரத்தின் மறுகோடிக்குப் போனவர்கள், 7 பேர் மட்டுமே உண்மையிலேயே தடம் தெரியாதவர்கள். இந்தத் தேடலுக்கு மூன்று வாரம் பிடித்தது. பதினொரு வாரத்தில் வீண் போகாத மூன்று வாரம் இதுதான்.

காரணம் ஏன் இவ்வளவு முக்கியம்? இம்ப்யூட்டேஷன் வழக்கமாக நிற்பது ஓர் அனுமானத்தின் மேல். நம் கையில் இருக்கும் விவரங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, வராதவருடைய மதிப்பு அதே விவரங்கள் கொண்ட, வந்தவருடைய மதிப்புபோலவே இருக்கும் என்பதுதான் அது. ஆங்கிலத்தில் missing at random, சுருக்கமாக எம்.ஏ.ஆர். என்பார்கள். இதைத் தரவை வைத்து நிரூபிக்க முடியாது, காரணங்களை வைத்து நியாயப்படுத்தத்தான் முடியும். படகு இறங்கிவிட்டது என்பதால் ஒருவர் வரவில்லை என்றால் அனுமானம் ஓரளவு நிற்கும். ஆனாலும் கடலில் இருக்கும்போது சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் குலையும், சர்க்கரை ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழில் என்ற விவரம் ஊகிக்கும் மாதிரியில், அதாவது model-இல், இருந்தால் அதில் ஒரு பகுதியாவது பிடிபடும். பக்கவிளைவால் மருந்தையே நிறுத்திய 5 பேருக்கோ அனுமானம் தள்ளாடுகிறது. மருந்து தொடர்ந்து சாப்பிட்டவர்களைப் பார்த்து, மருந்தை விட்டவருடைய எண்ணை ஊகிக்கிறோம். ஊகம் மருந்துக்குச் சாதகமாகத்தான் வரும். இந்த இரண்டு வாக்கியங்களும் அறிக்கையில் இருக்க வேண்டியவை. “எம்.ஏ.ஆர். எனக் கொள்ளப்பட்டது” என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது.

சரி, தொழிலை மாதிரியில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நான்காவது சிக்கல். எங்கள் புள்ளியியல் திட்டத்தில் “மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் பயன்படுத்தப்படும்” என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எந்த மாறிகள், எத்தனை தொகுப்பு, பிரிவுவாரியாகவா மொத்தமாகவா, எதுவும் இல்லை. குறியீடு உடைக்கப்பட்டு யாருக்கு எந்த மருந்து என்று தெரிந்துவிட்ட பிறகு இவற்றை நாங்களே முடிவு செய்தால், நமக்குச் சாதகமான மாதிரியைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. வெளிப் புள்ளியியலாளருக்குப் பணம் கொடுத்தது இதற்காகத்தான். பிரிவுக் குறியீட்டை எடுத்துவிட்ட தரவை மட்டும் கொடுத்து, மாதிரி விவரத்தை எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னோம். அதன் பிறகே ஓட்டினோம். முதன்மை மாதிரியை எளிமையாக வைத்தார்: வயது, பாலினம், கிளினிக், தொடக்க மதிப்பு, 12ஆவது, 18ஆவது வார மதிப்புகள். தொழிலைச் சேர்த்தது துணைப் பகுப்பாய்வு, அதுவும் பின்னால் யோசித்தது என்று வெளிப்படையாகக் குறித்து. அறிக்கையில் “திட்டத்தில் விவரம் இல்லை, குறியீடு உடைத்த பின் இவ்வாறு முடிவு செய்யப்பட்டது” என்று எழுதியபோது கை கூசியது. ஆனால் திரும்பி வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

இறுதியாக ஓட்டிய நிரலின் முக்கியப் பகுதி இது. arm, site இரண்டும் factor ஆக இருக்க வேண்டும்.

```r
keep <- c("arm","site","age","sex","h0","h12","h18","h24")
d  <- dat[, keep]
ia <- mice(d[d$arm == "A", ], m = 50, maxit = 20,
           method = "norm", seed = 24061)
ib <- mice(d[d$arm == "B", ], m = 50, maxit = 20,
           method = "norm", seed = 24062)
imp <- rbind(ia, ib)
fit <- with(imp, lm(I(h24 - h0) ~ arm + h0 + site))
summary(pool(fit), conf.int = TRUE)
```

இதில் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு பிரிவுகளையும் தனித்தனியாக நிரப்பியிருக்கிறோம். ஒன்றாகக் கலந்து, பிரிவைச் சாதாரண மாறியாக மட்டும் வைத்தால், 12ஆவது வார மதிப்புக்கும் 24ஆவது வார மதிப்புக்கும் உள்ள உறவு இரண்டு பிரிவிலும் ஒன்றே என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். நோயாளி எண்ணை முதல் வரியிலேயே வெளியே தள்ளியிருப்பதும் காரணத்தோடுதான். முதல் வரைவில் அது உள்ளே இருந்தது, மென்பொருளும் அதைச் சர்க்கரையை முன்னறிவிக்கும் எண்ணாக நினைத்துக்கொண்டு வேலை செய்தது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. method என்ற இடத்தை வெறுமையாக விட்டால் எண் மாறிகளுக்கு pmm என்ற வேறு முறை ஓடும். எங்கள் பழைய உரையில் “நேரியல் பின்னடைவு” என்று எழுதிவிட்டு உள்ளே pmm ஓடியிருந்தது, அதுவும் ஒரு கேள்வியாக வந்தது. ஓட்டி முடித்ததும் plot(ia) போட்டுப் பாருங்கள். கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடைமட்டமாகப் போக வேண்டும். ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் maxit, அதாவது சுழற்சிகளின் எண்ணிக்கை, போதவில்லை. ia$loggedEvents என்பதையும் திறந்து பாருங்கள். arm மாறாத மாறி என்று அதில் ஒரு வரி இருக்கும், அது எதிர்பார்த்ததே. வேறு மாறி எதையாவது மென்பொருள் கழற்றிவிட்டிருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும்.

விடை: வித்தியாசம் மைனஸ் 0.42 சதவீதப் புள்ளி, 95 சதவீத நம்பக எல்லை மைனஸ் 0.74 முதல் மைனஸ் 0.10 வரை. முதலில் எழுதியிருந்த 0.53 எங்கே, இது எங்கே என்று நிறுவனத் தரப்பில் முகம் சுளித்தார்கள். நிரப்பாமல், மதிப்பு இருக்கும் 171 பேரை மட்டும் வைத்தால் மைனஸ் 0.49. தொழிலைச் சேர்த்தால் மைனஸ் 0.40. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, ஏன் வேறுபடுகின்றன என்றும் எழுதினோம்: புது மருந்துப் பிரிவில் கடைசி வாரம் வராதவர்களுக்கு 12ஆவது வாரத்திலேயே சர்க்கரை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, 171 பேரை மட்டும் பார்த்தால் அவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். வராதவர்கள், வந்தவர்கள் ஆகியோரின் தொடக்க விவரங்களை ஒப்பிடும் சிறு அட்டவணை ஒன்றை வைத்தால் இந்த வாக்கியத்துக்குப் பலம் கூடும். எங்கள் முதல் வரைவில் அதுவும் இல்லை.

கடைசியாக, அதிகம் பயந்த கேள்வி: “அனுமானம் தவறாக இருந்தால் முடிவு என்ன ஆகும்?” இதற்கு டெல்டா முறையில் பதில் சொன்னோம். புது மருந்துப் பிரிவில் நிரப்பப்பட்ட 17 பேரின் மதிப்பில் மட்டும் ஒரு தொகையைக் கூட்டி, அதாவது அவர்கள் நாம் ஊகித்ததைவிட மோசமாக இருந்தார்கள் என்று வைத்து, மறுபடி பகுப்பாய்வு செய்ய வேண்டும். தொகையை 0.2, 0.4, 0.6, 0.8 என்று ஏற்றிக்கொண்டே போய், முடிவு எங்கே கவிழ்கிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டுவதற்கு முன்பே கையால் ஒரு மதிப்பீடு போட்டுவிடலாம். 106 பேரில் 17 பேர் என்பது 0.16. ஒவ்வொருவருக்கும் 0.6 கூட்டினால் பிரிவின் சராசரி 0.6 பெருக்கல் 0.16, ஏறத்தாழ 0.10 ஏறும். நம்பக எல்லையின் மேல்முனை மைனஸ் 0.10இல் இருக்கிறது. ஆக, 0.6இல் அது பூஜ்யத்தைத் தொட வேண்டும். கணினியும் அதையே சொன்னது: 0.6இல் உரசியது, 0.8இல் தாண்டியது. கைக்கணக்கும் கணினியும் ஒத்துப்போகாவிட்டால் டெல்டாவைத் தவறான ஆட்களுக்குக் கூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய நிரலில் அப்படித்தான் இருந்தது. வந்தவர்களின் மதிப்பையும் சேர்த்து ஏற்றிக்கொண்டிருந்தது.

0.6 என்று எழுதிவிட்டு நிறுத்தினால் படிப்பவருக்குப் பயன் இல்லை. அது நடக்கக்கூடியதா என்று சொல்ல வேண்டும். புது மருந்துப் பிரிவின் சராசரி இறக்கம் 0.8 அளவில் இருந்தது. பக்கவிளைவால் நிறுத்திய 5 பேரும் அந்தப் பலனை முழுவதுமாக இழந்து தொடக்க நிலைக்கே திரும்பிவிட்டார்கள் என்று வைத்தால், 5 பெருக்கல் 0.8 வகுத்தல் 17, அதாவது 17 பேருக்கும் சராசரியாக 0.24. கவிழும் இடமான 0.6க்கு இது பாதியும் இல்லை. ஆனால் மீதி 12 பேரில் பெரும்பாலோரும் மருந்தை விட்டிருந்தால் 0.6ஐ எட்டிவிடும் என்பதும் உண்மை. கடலுக்குப் போனவர்கள் மாத்திரையை எடுத்துப் போனார்களா என்பது எங்கள் பதிவேட்டில் இல்லை. இரண்டையும் எழுதினோம். முடிவுரையில் இருந்த “உறுதியான” என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

எங்கே எதை எழுதுவது என்பதிலும் தடுமாறியிருந்தோம். ஆய்வு அறிக்கையின் வடிவத்தைச் சொல்லும் ஐ.சி.எச். இ3 அமைப்பில் திட்டமிட்ட முறை 9.7இல் வரும், யார் எப்போது ஏன் விலகினார்கள் என்பது 10.1இல், உண்மையில் என்ன செய்தோம் என்பதும் அதன் விளைவும் 11.4.2.2இல், நிரலும் விவரக்குறிப்பும் பின்னிணைப்பு 16.1.9இல். நாங்கள் எல்லாவற்றையும் 9.7இல் போட்டுவிட்டு 11.4.2.2இல் “மேலே காண்க” என்று விட்டிருந்தோம். அறிக்கை ஆங்கிலத்தில்தான் போனது. அந்தப் பகுதியின் சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

“24ஆவது வார ஹெச்பிஏ1சி மதிப்பு 212 பேரில் 41 பேருக்கு இல்லை, புது மருந்து 17, ஒப்பீடு 24. காரணங்கள் பிரிவுவாரியாக அட்டவணையில் உள்ளன. கூடுதல் மருந்து பெற்ற 9 பேரின் அளக்கப்பட்ட மதிப்புகள் அப்படியே பயன்படுத்தப்பட்டன. விடுபட்ட மதிப்புகள் ஒவ்வொரு பிரிவிலும் தனியாக, நேரியல் பின்னடைவு மாதிரி கொண்டு 50 தொகுப்புகளாக நிரப்பப்பட்டன. மாதிரியில் இருந்த மாறிகள் வயது, பாலினம், கிளினிக், தொடக்கம், 12, 18, 24ஆவது வார மதிப்புகள். நிரப்பிய மதிப்புகள் தசம இடம் குறைத்து முழுமையாக்கப்படவோ வெட்டப்படவோ இல்லை. விடைகள் ரூபின் விதிப்படி இணைக்கப்பட்டன. இந்த விவரங்கள் திட்டத்தில் முன்கூட்டிக் குறிப்பிடப்படவில்லை. பிரிவு தெரியாத புள்ளியியலாளர் ஒருவர் தீர்மானித்தார். அனுமானத்திலிருந்து விலகினால் முடிவு எவ்வளவு தாங்கும் என்பது டெல்டா முறையில் சோதிக்கப்பட்டது. புது மருந்துப் பிரிவின் நிரப்பிய மதிப்புகளில் 0.6 கூட்டும்போது வித்தியாசம் புள்ளியியல் முக்கியத்துவத்தின் எல்லையை எட்டுகிறது.”

‘வெட்டப்படவில்லை’ என்பதற்கு ஒரு விளக்கம். இந்த முறையில் நிரப்பும்போது எப்போதாவது 3.9 போல உடம்புக்கு ஒட்டாத ஓர் எண் வரும். அதைப் பார்த்ததும் 4க்குக் கீழே எல்லாவற்றையும் 4 என்று மாற்றச் சொல்லி மருத்துவர் ஒருவர் வற்புறுத்தினார். “சார், அது அந்த நோயாளியோட ரிசல்ட் இல்ல, சராசரி சரியா வர்றதுக்கு நடுவுல வந்து போற எண்” என்று புரிய வைக்க ஒரு மதியம் போனது. வெட்டினால் பரவல் சாய்ந்துவிடும், சராசரியும் கூடவே நகரும். வெட்டாமல் விட்டு, அப்படி எத்தனை எண் வந்தன என்று பின்னிணைப்பில் குறித்தோம்.

அடுத்த ஆய்வுக்கான படிவத்தில் “தொடர்பு விட்டுப்போனது” என்ற கட்டத்துக்குக் கீழே இப்போது நான்கு கட்டங்கள் இருக்கின்றன: கடலில், வீடு மாற்றம், வேலை நேரம், தடம் தெரியவில்லை. பக்கத்தில் “மருந்து கையில் இருந்ததா” என்று ஒரு கேள்வி. காசிமேட்டில் வருகைக் கெடு முன்பின் பத்து நாளாகிவிட்டது. படகு எப்போது கரைக்கு வரும் என்று ஒருங்கிணைப்பாளர் வீட்டம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டு, அதற்கேற்ப ரத்தம் எடுக்கும் நாளைக் குறிக்கிறார்.